‘இணைப்பு திறக்கவில்லை!’

போன ஞாயிற்றுக்கிழமை தோழியின் மகள் வாட்ஸ்அப்பில் தன் ரெஸ்யூமை அனுப்பியிருந்தாள். மூன்று வருடம் ஒரு தமிழ்ச் செய்தி இணையதளத்தில் எழுத்தாளராகவும் உதவி ஆசிரியராகவும் இருந்தவள். அந்தத் தளம் போன வருடம் மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு பதினொரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஓர் இடத்திலிருந்துகூட அழைப்பு இல்லை.

“என் எழுத்து நல்லா இல்லையோ ஆன்ட்டி? வேற வேலைக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறேன்” என்று குரல் பதிவு வேறு.

மூன்று வருடம் சம்பளத்துக்கு எழுதியவள், தன் எழுத்தையே சந்தேகப்படும் இடத்துக்கு வந்துவிட்டாள். மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து அந்த ரெஸ்யூமைத் திறந்தேன்.

இரண்டு பக்கம். மேலே, ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படும் திறன் உள்ளவர், நெருக்கடியிலும் பணியாற்றுவேன்.’ இருபது வருடமாக ஆசிரியர் குழுவில் இருக்கிறேன். இந்த வரிகள் இல்லாத விண்ணப்பத்தை நான் பார்த்ததே இல்லை. எழுத்து வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதையெல்லாம் தாண்டி நேராகப் போகும் இடம் ஒன்றுதான். நீங்கள் எழுதியது எங்கே இருக்கிறது?

அவள் ஐந்து இணைப்புகள் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டேன். முதலாவதும் இரண்டாவதும் மூடப்பட்ட தளத்துக்கு உரியவை. ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வந்தது. மூன்றாவது கூகுள் டிரைவ் கோப்பு. அனுமதி கேட்டு விண்ணப்பிக்கச் சொன்னது. நான்காவது, சந்தா கட்டினால்தான் படிக்க முடியும் என்றது. ஐந்தாவது மட்டும் திறந்தது. அது ஒரு நடிகையின் பிறந்தநாளுக்கு அவசரமாகத் தட்டிய நான்கு பத்திச் செய்தி!

பதினொரு ஆசிரியர்களும் அவளுடைய எழுத்தைப் படித்துவிட்டு ஒதுக்கினார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் யாரும் அவள் எழுத்தைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை.

“உன் மேசையில எல்லாம் திறக்குமே?” என்று போனில் கேட்டேன். “டிரைவ்ல இருக்கறதும், சந்தா கட்டினதும் திறக்குதே ஆன்ட்டி” என்றாள். திறக்கத்தான் செய்யும். டிரைவ் கோப்பு அவளுடையது. சந்தாவும் அவளுடையது. டிரைவில் ஏற்றும் கோப்பு முதலில் Restricted என்ற நிலையில்தான் இருக்கும். அதை Anyone with the link என்று நாம்தான் மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இணைப்புகளை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பார்ப்பது. இன்னும் நல்லது, உங்கள் கணக்கு எதுவும் இல்லாத வேறொருவர் போனில் பார்ப்பது. ஆசிரியரும் பெரும்பாலும் பஸ்ஸிலோ ரயிலிலோ போனில்தான் பார்ப்பார்.

அடுத்த கவலை, மூடப்பட்ட தளம். “மூணு வருஷம் எழுதினது அத்தனையும் போச்சு” என்றாள். முழுவதும் போயிருக்காது. web.archive.org என்ற முகவரியில் ‘வேபேக் மெஷின்’ இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. இணையப் பக்கங்களின் நகல்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. பழைய கட்டுரையின் முகவரியை அங்கே இட்டால், நகல் இருக்கும் தேதிகளைக் காட்டும்.

ஆனால் முகவரி வேண்டுமே? அவள் குறித்து வைக்கவில்லை. அப்போதுதான் தோழி குறுக்கிட்டாள். “இவ எழுதினதெல்லாம் எனக்கு அனுப்புவாளே, நான் எதையும் அழிக்கலை.”

அம்மாவின் வாட்ஸ்அப்பில் மேலே தள்ளிக்கொண்டே போனோம். கத்தரிக்காய் விலைக்கும், குட் மார்னிங் படங்களுக்கும் நடுவே அவளுடைய நல்ல கட்டுரைகள் ஒன்பதின் முகவரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்ததில் ஐந்துக்கு நகல் இருந்தது. நான்கு கிடைக்கவில்லை. வேபேக் மெஷின் எல்லாப் பக்கத்தையும் எடுத்து வைத்திருக்காது. சந்தாவுக்குப் பின்னால் இருப்பவை முழுதாகக் கிடைப்பதும் அரிது. அந்த ஐந்து வந்ததே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது வேலையில் இருப்பவர்கள் இந்த நிலைக்குக் காத்திருக்க வேண்டாம். கட்டுரை வெளியான அன்றே அதே தளத்தில் Save Page Now என்ற இடத்தில் முகவரியை இட்டு நகல் எடுத்து வையுங்கள். போனின் குரோமில் ஷேர், பிரின்ட் என்று போய் பி.டி.எஃப். ஆகவும் சேமிக்கலாம். தேதியும் உங்கள் பெயரும் அதில் தெரிகிறதா என்று பாருங்கள்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், நகலெடுக்கும்போது ‘த’ என்ற ஓர் எழுத்தே `%E0%AE%A4` என்று ஒன்பது குறிகளாக மாறிவிடும். தலைப்பு நீளமாக இருந்தால் ரெஸ்யூமில் அரைப் பக்கம் புரியாத கிறுக்கலாகிவிடும். எனவே முகவரியை அப்படியே ஒட்டாமல், கட்டுரைத் தலைப்பை எழுதி அதற்குள் இணைப்பை வையுங்கள். பி.டி.எஃப். ஆக்கிய பிறகு ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். சில வழிகளில் மாற்றும்போது இணைப்பு உதிர்ந்து, வெறும் நீல எழுத்து மட்டும் மிஞ்சும்.

ஐந்து மாதிரிகள் போதும் என்று முடிவு செய்தோம். ஒரு களச் செய்தி, ஒரு பேட்டி, ஒரு விளக்கக் கட்டுரை, ஒரு நீள் கட்டுரை, அவள் திருத்திய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரியில் அவள் பங்கு என்ன என்று சேர்த்தோம். ‘யோசனை, கள விசாரணை, எழுத்து என்னுடையவை. படங்கள் புகைப்படக்காரருடையவை.’ இப்படி.

அடுத்து ஒரு வரியில் என் விரல் நின்றது. ‘10 லட்சம் வாசகர்களைச் சென்றடைந்த எழுத்தாளர்.’

“இது எந்தக் கணக்கு?”

“சைட்டோட ஒரு மாச வியூஸ் ஆன்ட்டி.”

அதாவது, நாற்பது பேர் எழுதிய மொத்தத் தளத்தின் கணக்கு. அதோடு, வியூஸ் என்பது வாசகர் எண்ணிக்கை ஆகாது. ஒரே ஆள் மூன்று முறை திறந்தால் மூன்று வியூஸ். ஆள் ஒருவர்தான். இந்த வித்தியாசம் ஆசிரியருக்குத் தெரியும். இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால், ரெஸ்யூமில் மற்ற எதையும் அவர் நம்ப மாட்டார்.

அவளிடம் பழைய மாத அறிக்கை மெயில் ஒன்று இருந்தது. பட்டா பெயர் மாற்றுவது எப்படி என்று அவள் எழுதிய விளக்கக் கட்டுரை, 30 நாளில் 42,000 வியூஸ் வாங்கியிருந்தது. அந்தத் தளத்தில் ஒரு கட்டுரைக்குச் சராசரி 3,000. வந்தவர்களில் பாதிக்கு மேல் கூகுள் தேடல் வழியாக வந்தவர்கள். ரெஸ்யூமில் இப்படி மாற்றினோம்: ‘பட்டா பெயர் மாற்ற விளக்கக் கட்டுரை: முதல் 30 நாளில் 42,000 பார்வைகள், தளத்தின் சராசரியைப் போல் 14 மடங்கு, பாதிக்கு மேல் தேடல் வழியாக.’

10 லட்சத்தைவிடச் சின்ன எண்தான். ஆனால் எது, எத்தனை நாளில், எதோடு ஒப்பிட்டால், எந்த வழியாக என்ற நான்கும் அதில் இருக்கின்றன. மக்கள் தேடுவது என்ன என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்பதையும் அது சொல்கிறது. ஓர் எச்சரிக்கை: இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் கணக்குகள் அவர்களுடைய ரகசியமாக இருக்கலாம். கேட்டுவிட்டுப் போடுங்கள். மறுத்தால் ‘சராசரியைப் போல் பல மடங்கு’ என்று சொல்லலாமா என்று கேளுங்கள்.

‘நெருக்கடியிலும் பணியாற்றுவேன்’ என்ற வரியை அடித்தோம். “சரி, நிஜமா என்ன செஞ்சே?” என்று கேட்டேன். வாரத்துக்கு ஐந்து செய்திகள், ஒரு நீள் கட்டுரை. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளில் காலை ஏழு மணி முதல் இரவு வரை நேரலைப் பக்கத்தைக் கவனித்த இருவரில் ஒருத்தி. இரண்டையும் அப்படியே எழுதினோம். கெடு என்ற சொல்லே இல்லாமல் கெடு புரிந்துவிட்டது.

கடைசியாக, எடிட்டிங். ‘எடிட்டிங் தெரியும்’ என்று எழுதுவதில் பயனில்லை. முன், பின் இரண்டையும் காட்ட வேண்டும். அவளிடம் ஒரு பத்திரிகைக் குறிப்பு இருந்தது. வந்தது இப்படி:

‘மாநகராட்சியின் சார்பில் குடிநீர்க் குழாய் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட உள்ளதால் வரும் 14-ம் தேதி வெள்ளிக்கிழமை அன்று மூன்று வார்டுகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும் என்று தெரிவிக்கப்பட்டுள்ளது.’

அவள் வெளியிட்டது:

‘குழாய் பராமரிப்புப் பணியால் வரும் வெள்ளிக்கிழமை, 15-ம் தேதி, மூன்று வார்டுகளில் குடிநீர் வராது.’

“14 எப்படி 15 ஆச்சு?”

“காலண்டர்ல 14 வியாழக்கிழமை ஆன்ட்டி. ஆபீஸுக்குப் போன் போட்டேன். கிழமைதான் சரி, தேதி தப்புன்னாங்க.”

இதை ஏன் மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை? நீளத்தைக் குறைப்பது பாதி எடிட்டிங். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்று கண்டு, யூகிக்காமல் போன் போட்டது மீதிப் பாதி. தப்பான தேதி போயிருந்தால், வியாழக்கிழமைக்கென்று குடத்தை நிரப்பி வைத்தவர்கள் வெள்ளிக்கிழமை திண்டாடியிருப்பார்கள். அந்த இரண்டு வரிகளையும், ‘தேதி–கிழமை முரண்பாட்டை அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்தேன்’ என்ற குறிப்பையும் ஒரே பக்கத்தில் மாதிரியாக வைத்தோம். அது எல்லோருக்கும் அனுப்பப்பட்ட குறிப்பு என்பதால் சிக்கல் இல்லை. சக எழுத்தாளரின் வரைவைக் காட்டுவதானால் அவரிடம் அனுமதி வாங்கி, பெயரை எடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கம் ஒரு பக்கமானது. அம்மாவின் போனுக்கு அனுப்பி, ஐந்து இணைப்பையும் அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னோம். ஐந்தும் திறந்தன.

புதன்கிழமை இரண்டு இடங்களுக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை ஒரு ஆசிரியர் கூப்பிட்டார். வேலை இன்னும் உறுதியாகவில்லை. அடுத்த வாரம் எடிட்டிங் தேர்வு வைக்கிறார்களாம். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியைச் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது.

“அந்தத் தேதி தப்புன்னு உங்களுக்கு எப்படிம்மா தோணுச்சு?”