கட்டுமானத் தள மின்பேனல்களில் பூட்டிச் சோதித்த பின்னரே பழுதுபார்க்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர்,
கட்டுமானத் தள மின்பணியாளர்கள் சங்கம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரு கட்டுமானத் தளத்தில், பேனலிலிருந்து கிரேனுக்குப் போகும் பிரேக்கரை மாற்றிக்கொண்டிருந்தார். மின்வாரிய மெயினை அணைத்து, கைப்பிடியில் ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டையையும் கட்டியிருந்தார். சிறிது நேரத்தில் ஊரில் பவர் கட் ஆனது. தானியங்கி ஜெனரேட்டர் கிளம்பித் தன் பிரேக்கரைத் தானே மூடிக்கொள்ள, அவர் கை இருந்த பஸ்பாரில் 415 வோல்ட் ஏறியது. உயிர் தப்பினார், இரு கைகளும் வெந்துவிட்டன.

அவர் கவனக்குறைவாக இருந்ததாக விசாரணையில் எழுதினார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. அட்டை எச்சரிக்கும், கைப்பிடியைத் தடுக்காது. ஜெனரேட்டரோ அட்டையைப் படிப்பதும் இல்லை. அந்தத் தளத்தில் பூட்டு ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை.

அதே வேலையை இப்படிச் செய்திருக்க வேண்டும். மின்வாரிய மெயின், ஜெனரேட்டர் பிரேக்கர் இரண்டையும் அணைத்து, இரண்டிலும் பூட்டுப் போட வேண்டும். ஜெனரேட்டரைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி, அதன் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். வேலை செய்பவர் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெயர், நேரம், செய்யும் வேலை ஆகியவற்றை எழுதிய அட்டை அந்தப் பூட்டோடு தொங்க வேண்டும். மெயின் பிரேக்கரிலேயே வேலை என்றால் இதுவும் போதாது. அதை அணைத்தாலும் அதன் மேல்முனையில் மின்சாரம் நிற்கும்; ஆகவே அதற்கு முந்தைய இடத்தில்தான் பூட்ட வேண்டும்.

பூட்டிய பிறகும் சோதிக்காமல் கை வைக்கக் கூடாது. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரை வைத்து, அது காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பஸ்பாரில் மூன்று பேஸ்களுக்கு இடையிலும், ஒவ்வொரு பேஸிலிருந்தும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்க்க வேண்டும். கடைசியாக மீண்டும் பழைய இடத்திலேயே மீட்டரைச் சோதிக்க வேண்டும். இடையில் மீட்டர் பழுதாகியிருந்தால் ‘மின்சாரம் இல்லை’ என்றே காட்டக்கூடும். விளக்கெரியும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது.

மின்கடத்தியைக் கையாளும் முன் மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும், வேலை நடக்கையில் கடத்தியில் தவறுதலாக மின்னேறாதபடி தடுக்கவும் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஏற்கெனவே சொல்கின்றன. அதைத் தளத்தில் நடைமுறைப்படுத்தவே கேட்கிறோம்.

ஆகவே, ஒவ்வொரு மின்பணியாளருக்கும் தனிப் பூட்டும், பலரும் தத்தம் பூட்டைப் போடக்கூடிய கொண்டியும், தகுந்த மீட்டரும் ஒப்பந்ததாரர் செலவில் வழங்கப்பட வேண்டும். பேனலுக்கு மின்சாரம் வரும் எல்லா வழிகளையும் காட்டும் வரைபடம் அதன் கதவிலேயே ஒட்டப்பட வேண்டும். பூட்டியவர் தவிர வேறெவரும் பூட்டைத் திறக்கக் கூடாது. அவர் தளத்தில் இல்லையென உறுதிசெய்து, பொறுப்பாளர் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே விலக்கு உண்டு. தள ஆய்வின்போது தங்கள் அலுவலர்கள் இவற்றை நேரில் பார்க்குமாறும், பூட்டில்லாத தளங்களில் பேனல் வேலையை நிறுத்திவைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்