சல்லடையில் நின்ற பிள்ளை

போன வருஷம் ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மா ஏழு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். டைரிக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். பள்ளியில் கொடுத்தது. "வாசிப்புச் சிரமம் இருக்க வாய்ப்பு உண்டு, மேல் பரிசோதனை தேவை" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தது. வேறு விளக்கம் ஒன்றும் இல்லை.

"டாக்டர், இவனுக்கு மூளையில எதுனா கோளாறா? அவங்க அப்பா ரெண்டு நாளா வீட்ல சாப்புடல. வல்லாரை லேகியம் குடுத்தா சரியாயிடுமா?" கேட்கும்போதே அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அடுத்த வாரமே அதே வகுப்பிலிருந்து அதே தாளோடு இன்னொரு குழந்தை வந்தாள். ராயபுரத்துப் பாப்பா. பாட்டியோடு வந்திருந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

இரண்டு தாளிலும் ஒரே டிக்தான். ஆனால் காரணம் ஒன்று அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் தாள் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். ஹரியானாவில் மானேசர் என்ற ஊரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அவர்கள் 2015-ல் 'டாலி' என்று ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒரு ஸ்கிரீனிங் தாள், மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை இன்னொரு தாள். டீச்சர் பிள்ளையைக் கவனித்து நிரப்ப வேண்டியது. முழுப் பரிசோதனைக்கான தேர்வுகள் அதே தொகுப்பில் தனியாக இருக்கின்றன. ஏன் இரண்டாகப் பிரித்தார்கள்? முதலாவது சல்லடை. இரண்டாவதுதான் தீர்ப்பு. உங்கள் பள்ளி எந்தத் தாளைப் பயன்படுத்தினாலும் கதை இதுதான்.

சல்லடை என்றால் என்ன அர்த்தம்? கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். நூறு பிள்ளைகளில் பத்துப் பேருக்கு நிஜமாகவே வாசிப்புச் சிரமம் இருக்கிறது. சல்லடை அந்தப் பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கிறது. மீதி 90 பேரில் ஐந்துக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கிறது. அது 18 பேர். ஆக, டிக் விழுந்தவர்கள் 26 பேர். அதில் நிஜமாகச் சிரமம் உள்ளவர்கள் எட்டே பேர்! தாளைத் தூக்கி எறியவும் கூடாது, தலையில் கை வைத்து உட்காரவும் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொன்றையும் பாருங்கள். சிரமம் உள்ள இரண்டு பேர் டிக் விழாமலே தப்பிவிட்டார்கள். ஆகவே டிக் இல்லாத பிள்ளையும் வாசிக்கத் திணறினால் அலட்சியம் வேண்டாம்.

டிக் விழ வேறு என்ன காரணம் இருக்கலாம்? பலகை சரியாகத் தெரியாத கண். சளி பிடித்துப் பிடித்து உள்ளே நீர் கோத்த காது. மாதத்தில் பத்து நாள் லீவு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் இங்கிலீஷ். அதனால் முதல் வேலை கண்ணும் காதும்தான். இரண்டு பிள்ளைகளையும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு அனுப்பினேன். பையனுக்கு இரண்டும் நன்றாக இருந்தன. பாப்பாவுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

அடுத்தது, காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று. பிள்ளைக்குத் தெரியாத ஒரு குட்டிக் கதையை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு "ஏன் அப்படிச் செய்தான்?" என்பதுபோல் நாலு கேள்வி கேளுங்கள். அதே அளவு இன்னொரு கதையை அவனையே படிக்கச் சொல்லி, அதே மாதிரி கேளுங்கள். காதால் கேட்டால் எல்லாம் புரிகிறது, கண்ணால் படித்தால் மட்டும் நொண்டுகிறது என்றால், சிக்கல் புத்தியில் இல்லை. எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் இருக்கலாம்.

பையன் அப்படித்தான். நான் சொன்ன கதைக்கு நாலு கேள்விக்கும் டக்டக்கென்று பதில். புத்தகத்தைக் கொடுத்ததும் வியர்த்துவிட்டான். பாப்பாவோ தமிழில் சொன்ன கதையில் பாதியைத்தான் பிடித்தாள். பாட்டியைத் தெலுங்கில் சொல்லச் சொன்னேன். முழுக் கதையையும் நடித்தே காட்டிவிட்டாள்!

மூன்றாவது சோதனை, அர்த்தமில்லாத சொற்கள். 'மெரம்' என்று எழுதிக் காட்டினேன். பாப்பா திக்கித் திக்கி "மெ... ர... ம்" என்று சரியாகச் சொன்னாள். பையன் பார்த்த உடனே "மரம்" என்றான். எழுத்தைக் கூட்டாமல், உருவத்தைப் பார்த்து ஊகிக்கிறான். தெரிந்த சொல்லை மனப்பாடமாகச் சொல்லித் தப்பிக்கலாம். இல்லாத சொல்லில் அது முடியாது. தமிழில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் அங்கே தடுக்குவார்கள். கற்றுக் கொடுத்தும் மாதக்கணக்கில் தடுக்கினால்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ல, ள, ழ மாறுவதையும் ந, ன, ண மாறுவதையும் பார்த்துப் பயப்படாதீர்கள். 'வாயப்பயம்' என்று பேசுகிற ஊரில் பிள்ளை அப்படியே எழுதினால் அது நம்ம பேச்சு, நோய் அல்ல. இங்கிலீஷில் பி, டி எழுத்தைத் திருப்பிப் போடுவதும் ஆறு, ஏழு வயசு வரை சகஜம். தமிழில் நிஜமான அறிகுறி பல சமயம் பிழையைவிட வேகத்தில்தான் தெரியும். சரியாகவே படிப்பான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மலை ஏறுகிற மாதிரி படிப்பான். அதே பிள்ளை இங்கிலீஷில் இன்னும் அதிகமாகத் தடுமாறுவான். ஏனென்றால் அங்கே எழுத்து ஒன்று, ஒலி வேறு.

சரி, லேகியம்? நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். வல்லாரை மேல் எனக்கு மரியாதை உண்டு. துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கொடுக்கிற மூலிகை எதுவும் என்னிடம் இல்லை. இருக்கிறது என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். லேபிள் இல்லாத 'ஞாபக சக்தி' பற்பம், செந்தூரம் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அதில் ஈயம் கலந்திருந்தால், படிப்புக்காகக் கொடுத்த மருந்தே படிப்பைக் கெடுக்கும். அந்த அம்மாவை நான் வெறும் கையோடுதான் அனுப்பினேன். இல்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்பினேன்.

பன்னிரண்டு வாரம், தினமும் பதினைந்து நிமிஷம். முதலில் ஐந்து நிமிஷம் காது விளையாட்டு. 'பட்டம்'-ல 'ப' எடுத்துட்டா என்ன மிச்சம்? 'கடல்'-ல முதல் சத்தம் எது? அடுத்த ஐந்து நிமிஷம் ஒரே ஒரு குறி. இந்த வாரம் ஒற்றைக் கொம்பு மட்டும்: கெ, செ, பெ, மெ. அரிசி பரப்பிய தட்டில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி ஐந்து நிமிஷம் வாசிப்பு. வரியை முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு அவன். சனிக்கிழமை தோறும் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் சரியாகப் படித்தான் என்று எண்ணி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அவனை மிரட்ட அல்ல, உங்களுக்குத் தெரிய.

பாப்பா 18 சொல்லில் ஆரம்பித்தாள். கண்ணாடி போட்டு, பாட்டி தெலுங்கில் கதை சொல்லி, அதையே அம்மா தமிழில் சொல்லி, பன்னிரண்டாவது வாரம் 41-க்கு வந்துவிட்டாள். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். "வீட்டில் தெலுங்கை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு மொழி பலமாக இருந்தால்தான் அடுத்த மொழி அதன் மேல் நிற்கும்.

பையன் 14-ல் ஆரம்பித்தான். பன்னிரண்டு வாரம் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்தும் 21-தான். சொல்லிக் கொடுத்தும் நகரவில்லை என்ற இந்தச் செய்திதான், அந்த டிக்கைவிடப் பெரிய ஆதாரம். இப்போதுதான் முழுப் பரிசோதனைக்கு நேரம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மாதிரி ஓர் இடத்தில் குழந்தை மருத்துவரிடம் தொடங்கி, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பது தப்பில்லை. பிள்ளையை எந்தெந்த மொழியில் சோதித்தார்கள் என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளையை இங்கிலீஷில் மட்டும் சோதித்த ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். நோட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. வழிகாட்டு நெறிப்படி எட்டு வயசு நிரம்பிய பிறகே சான்றிதழ். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளுக்கு அது தேவை. ஆனால் சொல்லிக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டாம். "எட்டு வயசு ஆகட்டும்" என்று சும்மா காத்திருப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. ஆறு, ஏழு வயசில் கிடைக்கிற உதவிதான் நன்றாகப் பலிக்கிறது. நம் ஊரில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அப்படிப் பயிற்சி பெற்றவர் உங்கள் பள்ளியில் யாராவது இருக்கிறாரா என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேளுங்கள்.

இந்த வருஷம் பையனுக்கு எட்டு முடிந்தது. பரிசோதனையில் டிஸ்லெக்ஸியா என்று உறுதியானது. ரிப்போர்ட்டைக் காட்ட இந்தத் தடவை அப்பாவும் வந்திருந்தார். எண்ணூர் பக்கம் ஒரு பேக்டரியில் லோடு ஏற்றும் வேலை. பையன் வெளியே போனதும் மெதுவாகச் சொன்னார்: "நானும் இப்படித்தான் டாக்டர். எழுத்தெல்லாம் ஓடும். வாத்தியார் அடிப்பாரு. ஏழாவதோட நின்னுட்டேன். இவன நான் அடிச்சிருக்கேன், டாக்டர்."

இந்தச் சிரமம் பரம்பரையாகவும் வரும் என்று அவருக்குச் சொன்னேன். அவர் சோம்பேறியும் இல்லை, மகனும் சோம்பேறி இல்லை. இப்போது ராத்திரிப் பதினைந்து நிமிஷத்துக்கு அரிசித் தட்டின் முன்னால் இரண்டு பேரும் உட்காருகிறார்களாம். போன சனிக்கிழமை பையன் 33 சொல். அப்பாவின் கணக்கை அந்த அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.