"கட்டணம் இல்லை" என்ற பலகையை நம்பலாமா?

"அம்மா, இந்தத் தடவை கட்டணம் எடுக்காத இடத்தில போட்டிருக்கேன்." ரியாத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் வட்ஸ்அப்பில் இப்படிச் சொன்னால், லயத்தில் இருக்கும் தாய்க்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்டணம் எடுக்காத கடைக்கும் வாடகை இருக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் இருக்கிறது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. அது மகளின் ரியாலிலிருந்துதான் வருகிறது. பற்றுச்சீட்டில் கட்டணம் என்ற வரியில் மட்டும் அது தெரியாது.

பணம் அனுப்பும்போது செலவு இரண்டு வழியில் போகிறது. ஒன்று, வெளிப்படையாக வாங்கும் கட்டணம். சவூதியில் இந்தக் கட்டணத்தின் மேல் 15 வீத வற் வரியும் சேரும். மற்றது, நாணயமாற்று விலையில் அடிக்கும் வெட்டு. சந்தையில் ஒரு ரியாலுக்கு ஒரு விலை இருக்கும்; கடைக்காரர் அதைவிடக் குறைத்துக் கணக்குப் போடுவார். அந்த வித்தியாசம் அவருக்கு இலாபம். "கட்டணம் இல்லை" என்று பலகை போடும் கடைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் எடுத்துக்கொள்கின்றன.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். விளங்குவதற்காக, ஒரு ரியாலின் சந்தை விலை 80 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மகளின் கையில் 1,000 ரியால் இருக்கிறது. வெட்டே இல்லாவிட்டால் வீட்டுக்கு 80,000 ரூபா வர வேண்டும்.

முதல் கடையில் கட்டணம் இல்லை. ஆனால் ரியாலுக்கு 77 ரூபாதான் தருகிறார்கள். வீட்டுக்கு வருவது 77,000 ரூபா. செலவு இல்லை என்று நினைத்த இடத்தில் 3,000 ரூபா போய்விட்டது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், அது இரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறித்த கூலி.

இரண்டாவது கடையில் கட்டணம் 20 ரியால், வரி 3 ரியால். மொத்தம் 23 ரியால் போக மீதி 977 ரியால். ஆனால் இங்கே ரியாலுக்கு 79 ரூபா 50 சதம் தருகிறார்கள். வீட்டுக்கு வருவது 77,671 ரூபா 50 சதம். கட்டணம் எடுத்த கடையில் 671 ரூபா கூடுதலாக வருகிறது.

அப்படியானால் எப்போதும் இரண்டாவது கடைதான் நல்லதா? இல்லை. அதே மகள் 400 ரியால் மட்டும் அனுப்பினால், முதல் கடையில் 30,800 ரூபா வரும். இரண்டாவது கடையில் 23 ரியால் கழித்து 377 ரியாலுக்குத்தான் கணக்கு. 29,971 ரூபா 50 சதம் வரும். இப்போது முதல் கடை 828 ரூபா மேல். கட்டணம், தொகை சின்னதோ பெரியதோ ஒரே அளவுதான். விலை வெட்டோ தொகையோடு சேர்ந்து வளர்கிறது. ஆகவே சிறு தொகைக்குக் கட்டணம்தான் பாரம். பெரிய தொகைக்கு விலை வெட்டுத்தான் பாரம். எங்கள் உதாரணத்தில் ஏறக்குறைய 730 ரியாலில் இரண்டு கடையும் சமமாகின்றன. விலையும் கட்டணமும் மாறினால் இந்த எல்லையும் மாறும். அதனால், "போன மாதம் அந்தக் கடை நல்லா இருந்துச்சு" என்பதை வைத்து இந்த மாதம் முடிவு செய்யக் கூடாது.

ஒப்பிடுவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "நான் மொத்தமாக 1,000 ரியால் தந்தால், வீட்டில் எத்தனை ரூபா கையில் கிடைக்கும்?" விலையைத் தனியாகவும் கட்டணத்தைத் தனியாகவும் கேட்டால் குழப்பம்தான். கடைசியில் வரும் ரூபாவைக் கேட்க வேண்டும். ஒரே நாளில், முடிந்தால் ஒரே நேரத்தில், இரண்டு மூன்று இடங்களில் கேட்க வேண்டும். முதல் தடவை அனுப்புவோருக்கு மட்டும் நல்ல விலை தரும் கைபேசிச் செயலிகளும் உண்டு. இரண்டாம் தடவையும் அதே விலை இருக்கும் என்று எண்ணாமல் மறுபடி கேட்க வேண்டும்.

சந்தை விலையைத் தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே இலங்கை மத்திய வங்கி அன்றன்று வெளியிடும் டொலர் விலையை 3.75ஆல் வகுத்தால் ரியாலின் விலை வந்துவிடும். டொலர் 300 ரூபா என்றால் ரியால் 80 ரூபா. துபாயில் இருப்பவர்கள் 3.67ஆல் வகுக்கலாம், கட்டாரில் இருப்பவர்கள் 3.64ஆல் வகுக்கலாம். குவைத் தினார் இப்படி டொலரோடு மட்டும் கட்டப்படவில்லை. அதை அன்றாடம் பார்க்க வேண்டும். இந்த விலை முழுதாக யாருக்கும் கிடைக்காது. ஆனால் கடைக்காரர் எவ்வளவு வெட்டுகிறார் என்று அளக்கும் கோல் அதுதான்.

அங்கே சொன்ன தொகையை விட இங்கே குறைவாக விழுந்தால், மூன்றாவது வெட்டு ஒன்று இருக்கிறது. பணம் ரூபாவாக மாறாமல் ரியாலாகவோ டொலராகவோ வங்கி வழியாக வந்தால், இடையில் உள்ள வங்கி கட்டணம் எடுக்கலாம். இங்குள்ள வங்கி தன் வாங்கும் விலையில் மாற்றும். ஆகவே "அங்கேயே ரூபாவாக மாற்றி அனுப்புகிறீர்களா?" என்று கேட்டு, பற்றுச்சீட்டில் ரூபாத் தொகை எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினால், புத்தகத்தில் விழுந்த தொகையோடு ஒப்பிடலாம்.

"உண்டியல்காரன் இதைவிடக் கூடத் தர்றானே?" என்று சிலர் கேட்பார்கள். 2022இல் அரசாங்க விலைக்கும் வெளி விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தபோது பலர் அந்த வழியில் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. ஆனால் அதில் பற்றுச்சீட்டு இல்லை. பணம் வராவிட்டால் முறையிட இடமில்லை. யாருடைய பணம் நம் கணக்கில் விழுகிறது என்பதும் தெரியாது. அது குற்றப் பணமாக இருந்தால் பொலிஸ் நம் வீட்டுக்குத்தான் வரும். இரண்டு ரூபா கூடுதலுக்கு இந்த ஆபத்து ஈடாகாது என்பதே எங்கள் கருத்து.

எல்லாப் பொறுப்பையும் அந்தப் பிள்ளையின் தலையில் போடுவதும் நியாயமில்லை. வாரத்தில் ஒரு நாள் லீவு கூடக் கிடைக்காதவள் மூன்று கடை ஏறி இறங்குவது எப்படி? ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: வெளிநாட்டுப் பணத்தை வரவு வைக்கும் ஒவ்வொரு வங்கியும், வந்த தொகை எவ்வளவு, எந்த விலையில் மாற்றினார்கள், என்ன கழித்தார்கள் என்ற மூன்றையும் தமிழில் எழுதிய ஒரு சீட்டுத் தர வேண்டும். வெளிநாடு போகும் முன் கொடுக்கும் பயிற்சியில் இந்தக் கணக்கையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். மத்திய வங்கி விலையை இங்கே பார்த்து, வகுத்து, சம்பள நாளன்று மகளுக்கு அனுப்பிவிடுங்கள். கடைவாசலில் அவள் கேட்க வேண்டிய கேள்விக்கு அது பக்கபலமாக இருக்கும்.