வலி குறைந்துவிட்டது என்று மகிழ்ந்த வியாழக்கிழமை

"முதுகு வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா? தைலம் தேய்ச்சு ஒத்தடம் கொடுத்தா நாலு நாள்ல சரியாப் போயிடும். பொறுக்க முடியாமப் போனா அப்புறம் டாக்டரைப் பாத்துக்கலாம்."

இதைச் சொல்லாத வீடு இல்லை. பாதி உண்மைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எலும்பு மருத்துவனாக என்னிடம் முதுகு வலி என்று வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஸ்கேனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். சில வாரங்களில் தானாகவே தேறிவிடுவார்கள். நாள்கணக்கில் படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். என் தகராறு கடைசி வாக்கியத்தோடு. எப்போது ஓட வேண்டும் என்பதற்கு அது வலியின் அளவை அளவுகோலாக வைக்கிறது. அந்த அளவுகோல் பொய் சொல்லும்.

அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர், வயது 41. ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு திரும்பும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. அன்று மாலைக்குள் வலி வலது கால் வழியே கெண்டைச்சதை வரை இறங்கியது. தைலம், மெடிக்கல் ஷாப் மாத்திரை. புதன்கிழமை வலி இரண்டு கால்களிலும் வந்தது. வியாழன் இரவு கால் வலி வெகுவாகக் குறைந்தது. முதல் முறையாக அசந்து தூங்கினார். வீடே நிம்மதியடைந்தது. வெள்ளிக்கிழமை காலை கழிப்பறையில் கழுவும்போது தண்ணீர் பட்டதும் தெரியவில்லை, தன் கை பட்டதும் தெரியவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அந்த வியாழக்கிழமையில்தான் காரியம் கெட்டது. முதுகுத்தண்டுக்குள் இறங்கும் தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியோடு, அதாவது முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில், முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரையின் வால் போல இருப்பதால் மருத்துவத்திலும் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். கால்களுக்குப் போகிற நரம்புகள் அதில் உண்டு. கற்றையின் நடுவில் இருக்கும் மெல்லிய நரம்புகள் சிறுநீர்ப்பைக்கும் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டு படுகிற தோல் பகுதிக்கும் போகின்றன. எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு ஓரமாகப் பிதுங்கினால் ஒரு காலுக்கான நரம்பு நசுங்கி அந்தக் கால் வலிக்கும். நம்மில் பலருக்கு வருவது அதுதான். ஜவ்வு பெரிதாக, நட்டநடுவில் பிதுங்கினால் கற்றை முழுவதும் நசுங்கும். நசுங்கத் தொடங்கும் நரம்பு வலியில் கத்தும். நன்றாக நசுங்கிய நரம்பு வாயடைத்துப்போகும். வலி குறைந்த இடத்தில் மரமரப்போ பலவீனமோ வந்து உட்கார்ந்தால், அதைக் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

"மூத்திரம்தான் போகிறதே" என்பது அடுத்த சமாதானம். மண்டிக்காரர் வெள்ளிக்கிழமை முழுக்க முக்கி முக்கித்தான் போனார். வந்த உணர்வும் இல்லை, முடிந்த உணர்வும் இல்லை. அண்ணன் "உடம்பு சூடு" என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார். நிறைந்து நின்ற தொட்டியில் இன்னும் தண்ணீர் விட்டதுபோல் ஆயிற்று. நல்ல நிலையில் இருப்பவருக்குப் பையில் 300, 400 மில்லி சேர்ந்தாலே போக வேண்டும் என்று தோன்றும். நரம்பு செத்தால் அந்தத் தகவல் மூளைக்குப் போகாது. பை நிரம்பித் ததும்பி, சொட்டுச் சொட்டாக வழியும். வெளியே பார்க்கிறவருக்கு அது சிறுநீர் போவதாகவே தெரியும். சனிக்கிழமை மாலை லுங்கி நனைந்த பிறகுதான் அவரைக் கூட்டி வந்தார்கள். "இப்போதுதான் போய்விட்டு வந்தேன்" என்றவரின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால், பையில் 700 மில்லி தேங்கி நின்றது. போய்விட்டு வந்த பிறகும் 200 மில்லிக்கு மேல் மிச்சம் இருந்தாலே எங்களுக்குச் சந்தேகம் வலுத்துவிடும்.

இங்கே எங்கள் தரப்புக் குறையையும் சொல்ல வேண்டும். நரம்பு வலிக்கு நாங்கள் கொடுக்கும் சில மாத்திரைகளே சிறுநீரை அடைக்கக் கூடியவை, மலச்சிக்கலும் தரும். அதனால் "மாத்திரையால் இருக்கும்" என்று மருத்துவரே தள்ளிப்போடுவது உண்டு. உட்காரும் இடத்தில் தொட்டால் தெரிகிறதா, தாம்பத்தியத்தில் திடீரென்று உணர்வு குறைந்ததா என்று கேட்கக் கூசுகிற மருத்துவரும், சொல்லக் கூசுகிற நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்தால் நோய் தப்பித்துக்கொள்ளும். பெண் நோயாளிகளிடம் இந்தக் கூச்சம் இன்னும் அதிகம்.

அன்றிரவே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருந்த ஜவ்வு பிதுங்கி நரம்புப் பாதையை ஏறக்குறைய அடைத்திருந்தது. நள்ளிரவுக்குள் அறுவை செய்து எடுத்தோம். உணர்வு போனதிலிருந்து கணக்கிட்டால் 40 மணி நேரம். 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதை 48 மணி நேரம் அவகாசம் இருக்கிறது என்று சிலர் படித்துவிட்டார்கள். அப்படி இல்லை. உணர்வு குறையத் தொடங்கி, சிறுநீர் இன்னும் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே வருகிறவருக்கும், பை ததும்பிய பிறகு வருகிறவருக்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு. மண்டிக்காரர் சீக்கிரமே நடந்துவிட்டார். சிறுநீருக்கு ஆறு மாதம் கழித்தும் நாளுக்கு நான்கு முறை தானே குழாய் விட்டுத்தான் வெளியேற்றுகிறார்.

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே." எக்ஸ்ரேயில் ஜவ்வும் தெரியாது, நரம்பும் தெரியாது. மண்டிக்காரரின் எக்ஸ்ரேயும் சுத்தமாகத்தான் இருந்தது. எலும்பு நோயிலேயே அது தாமதமாகத்தான் வாய் திறக்கும். எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகே அரிப்பு படத்தில் தெரியும். நம் ஊரில் அப்படி மறைந்திருந்து அரிக்கிற பழைய எதிரி ஒன்று உண்டு: முதுகெலும்புக் காசநோய். லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-ல் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இது மேலே சொன்னதுபோல் ஒரு வாரத்தில் முடிகிற கதை அல்ல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடுமுதுகிலோ இடுப்பிலோ வலி நீடிக்கும். படுத்தாலும் விடாது, ராத்திரி எழுப்பிவிடும். மாலையானால் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, பசியின்மை, தொளதொளத்துப் போகும் சட்டை. "இருமலே இல்லையே, எப்படி டி.பி.?" என்று கேட்பார்கள். கிருமி ரத்தம் வழியாக வந்து முள்ளெலும்பில் தங்குகிறது. அந்த நேரத்தில் நுரையீரல் சுத்தமாகவே இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளின் முன்பக்கத்தை அது அரிக்க, அவை முன்னால் சரிந்து முதுகில் சின்னக் கூன் எழும்பும். சேருகிற சீழ் தண்டுவடத்தை அழுத்தும்.

அழுத்தத் தொடங்கியதற்கு முதல் சாட்சி செருப்பு. நடக்கும்போது ரப்பர் செருப்பு கழன்று போவது தெரியாமலே நாலடி தாண்டியிருப்பார். கால் விறைத்து, தடுக்கும். வெறும் வலியாக இருந்தவரை சில நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும் என்று சொல்லலாம். செருப்பு கழன்றதென்றால் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சலுக்கும் முதுகுக்கும் தனித்தனியாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கம்தான் இதில் பெரிய கேடு. இரண்டையும் ஒரே மருத்துவரிடம் ஒரே மூச்சில் சொன்னால்தான் அவருக்கு முடிச்சு அவிழும்.

காசநோய் என்றதும் முதுகைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இந்த பயத்துக்குப் பதில் சென்னையிலேயே கிடைத்தது. இங்கிருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளைப் படுக்கையில் போடாமல் நடமாடவிட்டே ஆறு, ஒன்பது மாத மாத்திரைச் சிகிச்சை கொடுத்து, அதை அறுவையோடு ஒப்பிட்டுப் பத்தாண்டு வரை கவனித்தது. பெரும்பாலோர் மாத்திரையிலேயே குணமானார்கள். இப்போது முதுகெலும்புக்கு அதைவிட நீண்ட காலம், வழக்கமாக ஓராண்டு அல்லது அதற்கு மேல், மருந்து கொடுக்கிறோம். அரசு மருத்துவமனையில் இலவசம்தான். கால் பலவீனப்பட்டு வந்தவர்களில் சிலருக்கே அறுவை தேவைப்படுகிறது. சீக்கிரம் வருவது கத்தியைத் தவிர்க்கிற வழி.

"வயசானா வலி வரத்தான் செய்யும்" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. எழுபது வயது அம்மா கழிப்பறையில் வழுக்கி மெல்ல உட்கார்ந்தாலே முள்ளெலும்பு நொறுங்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு விழக்கூட வேண்டாம். முன்பு மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ புற்றுநோய் இருந்து குணமானவருக்குப் புதிதாக முதுகு வலி வந்தால், வேறென்று நிரூபணமாகும் வரை அது எலும்புக்குப் பரவியதா என்றுதான் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக பீடி பிடித்த அறுபது வயதுக்காரருக்குத் திடீரென்று வயிறும் முதுகும் கிழிவதுபோல் வலித்து, வியர்த்து மயக்கம் வந்தால், வயிற்றுப் பெருந்தமனி வெடித்திருக்கலாம். அங்கே தைலத்தைத் தேடுகிற நேரத்தில் 108-ஐக் கூப்பிடலாம்.

சுளுக்கு எடுப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் பிடிப்புக்கு அவர் கை சுகமாக இருக்கலாம், மறுக்கவில்லை. கால் மரத்தவர், காய்ச்சல் உள்ளவர், விழுந்த முதியவர் ஆகிய மூவரின் முதுகிலும் மிதிப்பதும் திருகுவதும் நொறுங்கியதை இன்னும் நொறுக்கும், பிதுங்கியதை இன்னும் தள்ளும்.

அவசரப் பிரிவில் போய் நின்று "முதுகு வலி" என்று மட்டும் சொன்னால், அந்தக் கூட்டத்தில் ஒரு வலி ஊசி போட்டு வெளிநோயாளி சீட்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அன்று காலையில் அதே வார்த்தையோடு இருபது பேர் வந்திருப்பார்கள். அங்கே சொல்ல வேண்டியது இது: "இரண்டு காலும் மரத்திருக்கிறது. கழுவும்போது உணர்வு தெரியவில்லை. மூத்திரம் வருவதும் தெரியவில்லை. நேற்றுக் காலையிலிருந்து." எத்தனை மணியிலிருந்து என்று சொன்னால் இன்னும் நல்லது.