பால்கோவா: அடிப்பிடிக்காமல் கிளறும் பக்குவம்

பால்கோவாவுக்கு வேண்டிய சாமான்கள் இரண்டே இரண்டுதான்: பாலும் சர்க்கரையும். ஆயினும், பத்துச் சாமான் சேர்த்துச் செய்யும் பட்சணங்களைச் சிரமமின்றிச் செய்து முடிப்பவர்கள்கூட இதைக் கண்டு தயங்குவதுண்டு. காரணம் தெரிந்ததே. ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்று, இரண்டு லிட்டர் பாலை வற்றக் காய்ச்சிய பிறகு, ஒரு நிமிஷக் கவனக் குறைவால் அடி தீய்ந்துவிட்டால், அந்த நாற்றம் பாத்திரம் முழுவதும் பரவிவிடும். ஏலக்காய் போட்டும் அதை மறைக்க முடியாது. ஆகவே பாலும் உழைப்பும் வீணாகாமல் இருக்க, பால் ஏன் அடிப்பிடிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம்.

பாலில் கரைந்திருக்கும் புரதங்களில் ஒரு வகை, சூடு 70 டிகிரியைத் தாண்டியதும் உருமாறித் திரளத் தொடங்குகிறது. பாத்திரத்தின் அடிதான் எல்லாவற்றிலும் சூடான இடமாகையால், அங்கே அது மெல்லிய ஏடு போல் ஒட்டிக்கொள்கிறது. அசைக்காமல் விட்டால் அந்த ஏடு தடித்து, மேலே உள்ள பாலின் குளிர்ச்சி அதன் அடிப்புறத்தை எட்டாமற் போகிறது. பிறகு அந்தப் புரதமும் பாலிலேயே உள்ள சர்க்கரையும் சேர்ந்து முதலில் சிவக்கின்றன, அப்புறம் கருகுகின்றன. ஆகவே, கிளறுவது என்பது பாலைக் கலக்குவதற்காக அல்ல. அடியில் அந்த ஏடு படியவிடாமல் துடைத்துக்கொண்டே இருப்பதற்காக. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாத்திரமும் கரண்டியும் தாமாகவே தீர்மானமாகிவிடும்.

பாத்திரம் கனமாகவும், வாய் அகன்றும், அடி வளைந்தும் இருக்க வேண்டும். நன்கு பழகிய இருப்புச் சட்டி அல்லது வெண்கல உருளி உத்தமம். மெல்லிய எவர்ஸில்வர் பாத்திரம் உதவாது. ஜ்வாலை படும் வட்டத்தில் மட்டும் அது தகித்து, அந்த வட்டத்திலேயே பால் பிடிக்கும். கனமான பாத்திரமோ சூட்டை எங்கும் பரப்பிக் கொடுக்கும். அகன்ற வாயினால் நீராவி விரைவில் வெளியேறும். வளைந்த அடியில் மூலை இல்லாததால் துடுப்புக்கு எட்டாத இடம் என்று ஒன்று இராது. குழிக்கரண்டி இந்த வேலைக்கு ஆகாது. அது ஒரு புள்ளியில்தான் அடியைத் தொடும். நுனி தட்டையாகவும் சற்றே வளைந்தும் உள்ள மரத் துடுப்பு அல்லது சட்டுவம் வேண்டும்.

இனி இரண்டு லிட்டர் பசும்பாலை எடுத்துக்கொள்வோம். அன்று கறந்த பாலாக இருக்கட்டும். சிறிது புளித்திருந்தாலும் வற்றும்போது திரிந்துவிடும். சர்க்கரை 200 கிராம் போதும். பால் சட்டியில் பாதிக்கு மேல் நிற்கக் கூடாது. பால் ஊற்றியதும் துடுப்பை நேராக நடுவில் நிறுத்தி, நனைந்த உயரத்தில் ஒரு கோடும், அதில் சரிபாதியில் மற்றொரு கோடும் கீறிக்கொள்ளுங்கள். இந்தக் கோடுகளின் பிரயோஜனம் பின்னால் தெரியும்.

பால் நீர்த்திருக்கும் வரையில் தீ நன்றாக எரியலாம். பொங்கி வந்ததும் சற்றுக் குறைத்து, தளதளவென்று கொதிக்கும்படி வைத்து, துடுப்பு அடியைத் தேய்த்துச் செல்லும்படி கிளறுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கும், பிறகு ஓரத்தைச் சுற்றியும் மாறி மாறிப் போனால் ஓர் இடமும் தப்பாது. பக்கங்களில் படியும் ஆடையை ஈரமாக இருக்கும்போதே வழித்துப் பாலில் தள்ளிவிட வேண்டும். காய்ந்த பிறகு அது உதிர்ந்து விழுந்தால் கோவாவில் கடினமான பழுப்புத் துணுக்குகளாக நிற்கும்.

பால் இரண்டாவது கோட்டுக்கு இறங்கியதும், “பாதிதானே வற்றியிருக்கிறது” என்று பலர் நினைப்பார்கள். அது கண்ணின் மயக்கம். சட்டி மேலே அகன்று கீழே குறுகியிருப்பதால், உயரம் பாதியானபோது பாலின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். அபாயம் ஆரம்பிப்பது இங்கேதான். குழம்பு தடித்துவிட்டபடியால் அது தானே புரண்டு அடியைக் குளிர்விக்காது. துடுப்புத்தான் புரட்ட வேண்டும். ஆகவே இந்தக் கோட்டைக் கண்டதும் தீயைப் பாதியாகக் குறையுங்கள். இதற்கு மேல் துடுப்பைக் கையிலிருந்து வைக்காதீர்கள்.

சிறிது நேரத்தில் துடுப்பு போன வழியில் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து, மெதுவாக மூடிக்கொள்ளும். சர்க்கரை போட இதுவே சமயம். முன்னதாகவே போட்டால் நிறம் சிவந்து, அடிப்பிடிக்கும் பயமும் அதிகமாகும். சர்க்கரை விழுந்ததும் அது கரைந்து, இறுகி வந்த கோவா மறுபடியும் இளகிவிடும். இதைக் கண்டு பயந்து தீயைத் தூண்டுவதால்தான் பெரும்பாலும் கடைசி நிமிஷத்தில் தீய்கிறது. தீயைத் தொடவே வேண்டாம். பத்து நிமிஷம் பொறுமையாகக் கிளறினால் மறுபடியும் இறுகும்.

பதம் கிட்டுவதைக் காதும் சொல்லும், கண்ணும் சொல்லும். கொதியின் சலசலப்பு அடங்கி, குமிழிகள் ‘தொப், தொப்’ என்று கனமாக வெடிக்கும். கோவா ஓரங்களை விட்டு நடுவில் திரளும். மேலே நெய் மினுமினுக்கும். ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்து ஆறவிட்டு உருட்டிப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் மிருதுவாக உருண்டால் இறக்கிவிடலாம். சட்டியில் இன்னும் சற்றுத் தளர்ந்திருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஆறும்போது நெய் உறைவதால் அது தானே இறுகும். சட்டியிலேயே இறுகும்வரை காத்திருந்தால், ஆறியபின் மணல்போல் உதிரும். நெய்யும் தனியே கசியும். அப்படி ஆகிவிட்டால் இரண்டு மூன்று கரண்டி காய்ச்சிய பால் தெளித்து, இளந்தீயில் புரட்டி எடுத்தால் ஓரளவு சரியாகும்.

இன்னொன்று: இதுவரை உபகாரியாயிருந்த கனத்த சட்டி, இப்போது எதிரியாகிவிடும். தீ அணைந்த பிறகும் அதில் சூடு நெடுநேரம் நிற்குமாதலால், கோவாவை உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு லிட்டருக்குச் சுமார் 550 முதல் 600 கிராம் வரை கிடைக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும், நடுவில் துடுப்பு எங்கேனும் சொரசொரவென்று தடைப்பட்டாலோ, பழுப்புத் துகள் மிதந்தாலோ, அடியைச் சுரண்டவே கூடாது. தீயை அணைத்து, மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்தில் சாய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள். நாற்றம் ஏறாதிருந்தால் அந்தப் பாத்திரத்திலேயே வேலையைத் தொடரலாம். சுரண்டிக் கலந்துவிட்டாலோ மீட்க வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ச் சரக்கிலும் பாலும் சர்க்கரையுமே பிரதானம். எஞ்சியதெல்லாம் தீயை எப்போது தணிப்பது, சட்டியை எப்போது இறக்குவது என்று அறிந்த கையின் பக்குவம். துடுப்பில் இரண்டு கோடு கீறிக்கொள்கிறவர்களுக்கு அந்தப் பக்குவத்தில் பாதி முதல் நாளே கிட்டிவிடும்.