ஆசிட் கேன் கரைப்பது எதை?

“மாசம் ஒரு கேன் ஆசிட் ஊத்துங்க, டேங்க் ஆயுசுக்கும் நிறையாது.” சேர்வராயன் மலையில் கரடியூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் இந்த யோசனையைச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. சேலத்திலிருந்து கழிவு உறிஞ்சும் லாரி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், வாடகை கூடுதல், கேன் மலிவு. அந்த மலிவைத் தவிர இந்தப் பேச்சில் உண்மை ஒன்றும் இல்லை.

முதலில் ‘நிறையாது’ என்பது. செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். வெளியேறும் குழாயின் மட்டம்வரை தண்ணீர் நிற்க வேண்டும், அப்படி நின்றால்தான் அது வேலை செய்யும். உள்ளே வரும் கழிவு ஒன்றிரண்டு நாள் அசையாமல் தங்குகிறது. கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெய், கொழுப்பு, சோப்பு நுரை எல்லாம் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் இருக்கும் தெளிந்த நீர் மட்டும் ‘டி’ வடிவக் குழாயின் கீழ்வாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகிறது. ஏடு அந்த வாய்க்கு மேலேயும் சேறு அதற்குக் கீழேயும் நிற்பதால் இரண்டும் வெளியே போவதில்லை. மூடியைத் திறந்து, “ஐயோ, நிறைஞ்சு நிக்குதே” என்று பதறி ஆசிட்டைத் தேடுகிறவர் ஒழுங்காக ஓடும் தொட்டியைத்தான் பார்க்கிறார்.

அடுத்தது, ‘ஆசிட் சேற்றைக் கரைக்கும்’ என்பது. ஊற்றியதும் பொங்குகிறதே, அதுதான் கரைவதற்கு அத்தாட்சியாம். நீரிலும் சேற்றிலும் உள்ள கார்பனேட்டோடு அமிலம் சேர்ந்து கரியமில வாயு கிளம்புகிறது, பொங்கல் அவ்வளவுதான். மணலும் நாரும் அப்படியே கிடக்கும். வாயுக் குமிழிகள் சேற்றைத் தூக்கி நடுநீரில் கலக்கிவிடும், அது உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். இந்த மலையில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. அடைபட்ட குழிக்குப் பதிலாக வேறிடத்தில் வெட்ட எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது?

சேற்றை உண்மையாகவே குறைப்பவை நுண்ணுயிர்கள், அதுவும் இரண்டு கூட்டமாக. முதல் கூட்டம் கழிவை உடைத்துப் புளிப்பான அமிலங்களாக்குகிறது. இரண்டாவது கூட்டம் அந்த அமிலங்களைத் தின்று மீத்தேனாக்கி வெளியேற்றுகிறது. முதல் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். இரண்டாவதற்குப் பல நாள் ஆகும், 1,500 மீட்டர் உயரக் குளிரில் இன்னும் மெதுவாகும். பிஎச் 6.5க்குக் கீழே இறங்கினால் அது தளர்ந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. 3,000 லிட்டர் தொட்டி, வீட்டுக் கழிவுநீர். அதன் இயல்பான காரத்தன்மை தோராயமாக ஒரு கிலோ சுண்ணாம்புக் கல்லுக்குச் சமம். 30 சதவீத அடர்வுள்ள ஆசிட் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இரண்டே கால் கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக் கல்லைத் தீர்த்துவிடும். தொட்டி தாங்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! கக்கூஸ் தேய்க்க 100 மில்லி சாதாரணக் கிளீனர் ஊற்றினால் பதினைந்து கிராம்கூடத் தீராது, தொட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாட்டிலில் ‘கிருமிகளைக் கொல்லும்’ என்று எழுதியிருப்பதற்காக நான் அலறவில்லை. என் சண்டை கேனோடுதான்.

“பாக்டீரியா அடுத்த ஃப்ளஷ்லயே திரும்ப வந்துடும்” என்பார்கள். வருவது எது? வேகமாய்ப் பெருகும் முதல் கூட்டம். அது அமிலத்தைச் சேர்க்கும், தின்னும் கூட்டமோ இன்னும் தேறியிருக்காது. அதற்குள் அடுத்த மாதக் கேன் வந்துவிடும். இப்படியே போனால் சேறு செரிக்காமல் குவியும், நாற்றம் கூடும், உறிஞ்சுகுழியருகே தரை சொதசொதக்கும். அப்போது ஆசிட் போதவில்லை என்று இரண்டு கேன் வாங்குகிறார்கள்.

நாற்றம் போகும் என்பதற்கு ஒரு வரி போதும்: தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பைடை அமிலம் வாயுவாக்கி வெளியே தள்ளும். முட்டை அழுகிய வாடையுள்ள அந்த ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அதைச் சுத்தமாகிவிட்டது என்று எண்ணி யாரும் மூடிக்குள் குனியக்கூடாது. பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் கிளம்பும்.

லாரி எப்போது வேண்டும் என்பதற்குக் கம்பு ஒன்று போதும். முனையில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி எடுத்தால் சேறு பிடித்த உயரம் கறையாகத் தெரியும். சேறும் ஏடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான், சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. சனி ஞாயிறு கூட்டம் நிரம்பும் விடுதிக்கு அதற்கு முன்பே. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாதம் ஒரு கேன் என இரண்டு ஆண்டில் 24 கேன் வாங்கும் பணத்தை லாரி வாடகையோடு யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா?