12,000 ரூபாயை எதில் போடலாம் மிஸ்? - ஒரு மாணவிக்கு ஆசிரியை எழுதிய பதில்

காட்டுப்பாக்கம் சந்திப்பில் மெட்ரோ தூண்களைத் தாண்டி உள்ளே போனால், மாலை நேரத்தில் ஒரு டிபன் தள்ளுவண்டி நிற்கும். இட்லி, பணியாரம், சுண்டல். அந்த அக்காவின் மகள் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். 2025 கோடை விடுமுறையில் அம்மாவின் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. மகளின் வங்கிக் கணக்கில் 12,000 ரூபாய் வரவு.

எட்டாம் வகுப்பில் அவள் எழுதிய என்.எம்.எம்.எஸ். தேர்வின் பலன் அது. ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத குடும்பங்களைச் சேர்ந்த அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கான மத்திய அரசின் படிப்புதவித் தொகை. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய்.

பணம் வந்ததும் யோசனைகளும் வந்தன. "என் ஆப்ல ஷேர் வாங்கிப் போடறேன், பிளஸ் டூ முடிக்கறப்ப டபுள் ஆயிடும்" என்றார் சித்தி மகன். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால், அவர் தண்டல் கட்டிக்கொண்டிருப்பது மகளுக்குத் தெரியும். குழம்பிப்போனவள் கணக்கு ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மிஸ், பரிசுப் பணத்தை எதுல முதலீடு பண்ணலாம்?"

ஆசிரியை நோட்டுத்தாளில் பதில் எழுதிக் கொடுத்தார். இருவரின் அனுமதியோடு, பெயர்கள் இல்லாமல், அந்தக் கடிதம் இங்கே.

*

அன்புள்ள கண்ணு,

முதலில் ஒரு திருத்தம். இது பரிசு இல்லை. நான்கு தவணைகளில் முதல் தவணை. பரிசு என்றால் ஒருமுறை வந்து முடிந்துவிடும். இது இன்னும் மூன்று முறை வரவேண்டிய பணம். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

எந்த முதலீட்டுக்கும் முன் ஒரே ஒரு கேள்விதான். இந்தப் பணம் உனக்கு எப்போது வேண்டும்? உனக்கு பதில் தெரியும். 2028-ல் பிளஸ் டூ முடித்ததும் வேண்டும். விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் நகல், விடுதி முன்பணம், துணிமணி, பெட்டி என்று இரண்டே மாதத்தில் கை காலியாகும். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்குக் கிடைக்கும். ஆனால், அது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். சேரும் வரைக்கான செலவுக்கு இந்தப் பணம்தான் துணை.

இப்படித் தேதி குறித்த பணத்தை ஷேரில் போடலாமா? 2020-ஐ எடுத்துக்கொள். அந்த ஜனவரியில் சென்செக்ஸ் கிட்டத்தட்ட 42,000 புள்ளிகளில் இருந்தது. கொரோனா வந்தது. மார்ச் 23 அன்று சுமார் 26,000. ஜனவரியில் ஒரு பிளஸ் டூ மாணவி 9,000 ரூபாயை அந்தக் குறியீட்டுக்குச் சமமாகப் போட்டிருந்தால், மார்ச்சில் அது 5,600 ரூபாய்க்கும் கீழே. பிளஸ் டூ முடிவு வந்த ஜூலை 16-ல் சுமார் 7,800 ரூபாய். நவம்பரில் சந்தை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆனால், கல்லூரி நவம்பர் வரை காத்திருக்காதே! சந்தை எழும். எந்தத் தேதியில் எழும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் வரும்போது ஷேரைப் பற்றி நாமே உட்கார்ந்து படிக்கலாம்.

இன்னொன்று. அண்ணன் தன்னுடைய ஆப்பில் வாங்கினால், அந்த ஷேர்கள் அவர் பெயரில்தான் இருக்கும். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் உன் கையில் ஒரு தாள்கூட இருக்காது. அவர் நல்லவரா, கெட்டவரா என்பது கேள்வியே இல்லை.

சரி, எங்கே போடுவது? தபால் நிலையத்தில் டைம் டெபாசிட். பத்து வயது தாண்டியதால் உன் பெயரிலேயே நீ தொடங்கலாம். குறைந்தது 1,000 ரூபாய் போதும். தொடங்கும் நாளில் இருக்கும் வட்டிதான் முடியும் வரை. இப்போது மூன்று வருடத்துக்கு 7.1 சதவிகிதம், இரண்டு வருடத்துக்கு 7, ஒரு வருடத்துக்கு 6.9. செல்வமகள் திட்டத்தில் வட்டி அதிகம் என்று யாராவது சொல்வார்கள். அதைப் பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். உனக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

12,000-ல் 3,000 ரூபாயை இந்த வருடமே செலவு செய். பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்கள், நோட்டுகள், படிக்க ஒரு மேசை விளக்கு. உதவித்தொகை என்பது அதற்குத்தான். மீதி 9,000-ஐ மூன்று வருடக் கணக்கில் போடு. அடுத்த வருடப் பணத்தில் 9,000-ஐ இரண்டு வருடக் கணக்கில். பிளஸ் ஒன் முடிவில் வரும் 9,000-ஐ ஒரு வருடக் கணக்கில். பார்த்தாயா? மூன்றும் 2028 கோடையில் ஒன்றாக முடியும். நான்காவது தவணை முழுதாகச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

இந்த வட்டி அப்படியே இருந்தால் முதல் கணக்குக்கு சுமார் 1,970, இரண்டாவதற்கு 1,290, மூன்றாவதற்கு 640. மொத்தம் 3,900 ரூபாய். அசல் 27,000, நான்காவது தவணை 12,000. எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 42,900 உன் கையில்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆறு மாதத்துக்குள் இந்தக் கணக்கை மூட முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒரு வருடத்துக்குள் மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். அதன் பிறகு முன்கூட்டியே மூடினாலும் 2 சதவிகிதம் குறைத்துக்கொள்வார்கள். அதனால் பணம் தாமதமாக வந்து, 2028 கோடைக்கு நாள் போதவில்லை என்றால் ஒரு படி குறைவான கணக்கைத் தேர்ந்தெடு.

இப்போது நீ கேட்காத கேள்வி. அம்மாவின் தண்டல்.

அம்மாவிடம் விசாரித்தேன். கையில் 9,000 தருகிறார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 1,000 ரூபாய் வட்டி முதலிலேயே பிடித்தாகிவிட்டது. அதனால் நடந்துகொண்டிருக்கும் தண்டலை உன் பணத்தால் இப்போதே அடைத்தால் வட்டி ஒன்றும் குறையாது. அதைச் செய்யாதே. ஆனால், அது முடிந்ததும் அம்மா அடுத்த தண்டல் எடுப்பார். அந்த இடத்தில்தான் நீ இருக்கிறாய்.

உன் 9,000 தபால் நிலையத்தில் ஒரு வருடத்துக்கு சுமார் 656 ரூபாய் தரும். அதே 9,000 அம்மாவிடம் இருந்தால், 100 நாளில் வீட்டுக்கு 1,000 ரூபாய் மிச்சம். நான் பார்த்த எந்த முதலீடும் இதைவிட அதிகம் தராது. ஆனால், ஒரு நிபந்தனை. இது அம்மாவுக்குக் கொடுப்பது இல்லை, கடன். தண்டல்காரரிடம் கட்டுவதுபோலவே தினம் 90 ரூபாய் உன்னிடம் வரவேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது. 100 நாளில் 9,000 திரும்பியதும் இரண்டு வருடக் கணக்கில் போடு. மூன்று வருடக் கணக்கு என்றால் கல்லூரி சேர்க்கையைத் தாண்டிப் போய்விடும்.

அம்மாவால் தினமும் கட்ட முடியாது என்று உனக்குத் தோன்றினால் இதைச் செய்யவேண்டாம். அம்மாவிடம் "இல்லை" என்று சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால், "மிஸ் வேண்டாம்னு சொன்னாங்க" என்று என் மேல் போடு.

கடைசியாக, முதலில் சொன்ன விஷயம். நான்கு வருடமும் சரியாகப் போட்டு வைத்தால் மொத்த வட்டி 3,900 ரூபாய். ஒரே ஒரு வருடம் புதுப்பிக்க மறந்தால் போவது 12,000. நீ போடுகிற எல்லா வட்டியையும் போல மூன்று மடங்கு! ஆக, உன்னுடைய பெரிய முதலீடு தபால் நிலையத்தில் இல்லை, புதுப்பித்தலில் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் scholarships.gov.in தளத்தில் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். நீ போட்டால் மட்டும் போதாது. பள்ளி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தின் நிலையைத் தளத்திலேயே பார்க்கலாம். பள்ளியைத் தாண்டவில்லை என்றால் உடனே என்னிடம் வா. பத்தாம் வகுப்பில் 60 சதவிகிதம் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னுக்குத் தொகை தொடரும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 55. பத்தாவதுக்குப் பிறகு தனியார் பள்ளிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போனால் தொகை நின்றுவிடும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. போவதாக இருந்தால் அந்த 24,000-ஐயும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடு.

ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் வரும். எதற்காகவோ புதுக் கணக்கு தொடங்கி, அங்கே ஆதாரை மாற்றி இணைத்துவிட்டு, "பணமே வரலை மிஸ்" என்று வராதே. ஏ.டி.எம். அட்டை, ஓ.டி.பி. இரண்டையும் யாருக்கும் தராதே. அண்ணனுக்கும்தான்.

அன்புடன்,
மிஸ்

*

நான் வண்டிக்குப் போனபோது அம்மா பணியாரம் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். தேதி, 90, அம்மாவின் கையெழுத்து. அன்றைக்கு 41-வது வரி. நடுவில் இரண்டு நாள் மழையில் வண்டி போடவில்லையாம். அந்த இரண்டு வரிகள் காலியாக இருந்தன. அடுத்த நாள்களில் 180, 180 என்று எழுதியிருந்தது.

"தண்டல்காரர்கூட மழைக்கு விடுவாரு. இவ விடமாட்டேங்குறா" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'ஸ்கூல் திறந்ததும் ரினீவல் - மிஸ்கிட்ட கேக்கணும்.'